இலக்கு வாடிக்கையாளர் யார் என்பதை பில் புக்கிலிருந்து எழுதுவது எப்படி?

கேள்வி: சைக்கிள் ரிப்பேர் கடை வைத்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னொரு மெக்கானிக்கைச் சேர்க்கவும் கொஞ்சம் கருவிகள் வாங்கவும் கடன் கேட்டுத் தொழில் திட்டம் எழுதினேன். இலக்கு வாடிக்கையாளர் என்ற இடத்தில், "25 முதல் 40 வயது, நகர்ப்புறம், உடல்நலத்தில் அக்கறை உள்ளவர், தரத்துக்குச் செலவு செய்யத் தயங்காதவர்" என்று ஒரு கற்பனை ஆளுக்குப் பெயரும் வைத்து எழுதியிருந்தேன். கடன் அதிகாரி, "இந்த ஆள் வருஷத்துக்கு எத்தனை தடவை வருவார், எவ்வளவு கொடுப்பார், இப்படி எத்தனை பேர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இதை எப்படித் திருத்தி எழுதுவது?

பதில்:

அதிகாரி கேட்ட மூன்று கேள்விக்கும் விடை உங்கள் பில் புக்கில் இருக்கிறது. அந்தக் கற்பனை ஆளை இன்னும் மெருகேற்றிப் பயனில்லை, எடுத்துவிடுங்கள்.

ஆளுக்குப் பெயர் வைத்து எழுதும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், அது உங்கள் திட்டத்தில் ஏன் ஒட்டவில்லை என்பதும் புரியும். 1990களில் ஆலன் கூப்பர் என்ற மென்பொருள் வடிவமைப்பாளர் பரப்பிய முறை அது. பயனர்களிடம் நேரில் பேசி, அவர்கள் என்ன செய்ய முயல்கிறார்கள் என்று பார்த்து, அதைச் சுருக்கி ஒரு ஆளாக எழுதுவார்கள். திரையில் எந்தப் பொத்தானை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க அது உதவும். தொழில் திட்டங்களுக்கு வந்து சேர்ந்தபோது பேசிய வேலை கழன்றுபோய், பெயரும் வயதும் மட்டும் மிஞ்சிவிட்டன. வயது, வருமானம், படிப்பு இவற்றை மட்டும் வைத்துச் சந்தையைப் பிரித்தால் போதாது என்று டேனியல் யாங்கலோவிச் 1964லேயே வாதிட்டிருக்கிறார். ஆக, இது புதுப் புகாரும் இல்லை.

உங்கள் தொழிலில் இதைப் பார்ப்பது சுலபம். கல்லூரி மாணவர் ஒருவர், இரவு ஷிஃப்ட் முடித்து வரும் செவிலியர் ஒருவர், பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். மூவரும் காலை எட்டு மணிக்கு வந்து, "சாயங்காலத்துக்குள்ள கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். வயது, படிப்பு, வருமானம் எதுவும் ஒத்துப்போகாது. ஆனால் மூவரும் வாங்குவது ஒரே சரக்கு, அதாவது சைக்கிள் இன்றைக்கே கையில் திரும்பக் கிடைப்பது. உங்கள் கற்பனை ஆளுக்குள் இந்த மூவரில் ஒருவரும் அடங்க மாட்டார்கள்.

பில்லைப் படிப்பது

கடந்த 12 மாதப் பில்களை எடுங்கள். ஆறு மாதம் போதாது. சைக்கிள் தொழிலில் பருவம் உண்டு, பாதி வருஷத்தை இரண்டால் பெருக்கினால் கணக்கு கோணிவிடும். ஒவ்வொரு பில்லையும் ஒரு வரியாக ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றுங்கள்: தேதி, ஆளின் அடையாளம், செய்த வேலை, பில் தொகை, அதில் சாமான் வாங்கிய விலை. வாங்கிய விலை பில்லில் இருக்காது. சாமான் கொள்முதல் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் பின்னால் முடிவை மாற்றப்போவது அந்தக் கட்டம்.

அடையாளத்துக்குப் பெயரை எழுதாமல் தொலைபேசி எண்ணின் கடைசி ஆறு இலக்கத்தை எழுதுங்கள். நாலு இலக்கம் போதுமே என்று தோன்றும். 500 பேருக்கு மேல் இருந்தால் கடைசி நாலு இலக்கம் ஒன்றாக இருக்கும் ஜோடிகள் பத்துக்கும் மேலே வரும், இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள். ஆறு இலக்கம் என்றால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஒரே எண்ணில் வீட்டின் மூன்று சைக்கிள்கள் வந்தால் அப்படியே இருக்கட்டும். பணம் கொடுப்பவர் ஒருவர்தான்.

அடையாளம் B பத்தியிலும் தொகை D பத்தியிலும் இருந்தால், யார் எத்தனை தடவை வந்தார், மொத்தம் எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு இந்த இரண்டு வரி போதும்:

```
=COUNTIF(B:B,B2)
=SUMIF(B:B,B2,D:D)
```

இதோடு நிறுத்திவிட்டு, "அடிக்கடி வருபவர், எப்போதாவது வருபவர்" என்று பிரித்துவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். தடவைகளின் எண்ணிக்கை சொல்வது விளைவை. ஒருவர் ஏன் இன்றைக்கு வந்தார் என்பதுதான் காரணம். பழைய பில்லில் அந்தக் காரணத்தை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் செய்த வேலையே அதைச் சொல்லிவிடும். உங்களைப் போல ஒரு மெக்கானிக்கால் மட்டும் படிக்க முடிகிற எழுத்து அது.

ஒரு பில்லில் இரண்டு டயர், இரண்டு டியூப், பிரேக் ஒயர், ஓவராயிலிங் எல்லாம் ஒரே நாளில் இருக்கிறது என்று வையுங்கள். தினமும் ஓட்டுகிறவருக்கு எல்லாம் ஒரே நாளில் கெடாது. அந்த டயரை நினைவுபடுத்திப் பாருங்கள்: நடுவில் பட்டன் தேயாமல் இருக்கும், பக்கச் சுவரில் மட்டும் வெடிப்பு விட்டிருக்கும். அது ஓடித் தேய்ந்த டயர் இல்லை, நின்று காய்ந்த டயர். செயினும் நீண்டிருக்காது, துருப்பிடித்திருக்கும். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த சைக்கிளைத் தூசு தட்டி எடுத்து வந்திருக்கிறார். இன்னொரு பில்லில் பின் பிரேக் கட்டை ஒன்று மட்டும். அதே எண்ணில் ஐந்து வாரம் கழித்து ஒரு டியூப், பிறகு செயின். ஒவ்வொன்றாகத் தேயத் தேய வருகிறார் என்றால் தினமும் ஓட்டுகிறார் என்று பொருள்.

இப்படி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "ஏன் வந்தார்" என்று ஒரு சொல் எழுதிக்கொண்டே போங்கள். 900 பில் இருந்தால் இரண்டு மூன்று சாயங்காலம் ஆகும். சில பில் எதற்குள்ளும் அடங்காது. அடம்பிடித்துத் திணிக்காதீர்கள், எந்தப் பக்கம் அதிகம் சாய்கிறதோ அங்கே போட்டு ஒரு கேள்விக்குறி வையுங்கள். கேள்விக்குறிகள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பிரித்த விதம் தப்பு, காரணங்களை மறுபடி யோசிக்க வேண்டும்.

ஒரு கணக்கு

நீங்கள் எந்த நாணயத்தில் பில் போட்டாலும் பொருந்தட்டும் என்று புள்ளியில் சொல்கிறேன். ஒரு முழு சர்வீஸுக்கு நீங்கள் வாங்கும் தொகை 100 புள்ளி. கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், போடும் விதம் இதுதான்.

வருஷத்தில் 520 பேர், 900 பில், வசூல் 72,000 புள்ளி. காரணத்தை வைத்துப் பிரித்தபோது முதலில் ஐந்து கூட்டம் வந்தது: தினமும் வேலைக்கோ படிப்புக்கோ ஓட்டுபவர்கள், பார்சல் கொடுத்துப் பிழைப்பவர்கள், நின்றுபோன சைக்கிளை எடுத்து வருபவர்கள், வார இறுதியில் விலை உயர்ந்த சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்கள், போகிற வழியில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு போய்விடுகிறவர்கள்.

இதில் முதல் இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டுமா? நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: இவருக்காக நான் வேறு ஏதாவது செய்வேனா? வேறு நேரத்தில் கடை திறப்பேனா, வேறு சாமான் வாங்கி வைப்பேனா, வேறு விதமாகக் கட்டணம் வாங்குவேனா? இரண்டு கூட்டத்துக்கும் பதில் ஒன்று, சீக்கிரம் திறந்து அன்றைக்கே முடித்துக் கொடுப்பது. அப்படியானால் அது ஒரே கூட்டம். "உடனடிக்காரர்கள்" என்று பெயர் வைத்துச் சேர்த்துவிட்டேன்.

| கூட்டம் | ஆட்கள் | பில்கள் | ஒரு பில் | வசூல் | சாமான் விலை போக மிச்சம் |
|---|---|---|---|---|---|
| உடனடிக்காரர்கள் | 80 | 400 | 59.5 | 23,800 | 16,300 |
| தூசு தட்டுபவர்கள் | 200 | 200 | 130 | 26,000 | 11,000 |
| வார இறுதிக்காரர்கள் | 30 | 90 | 200 | 18,000 | 5,400 |
| வழிப்போக்கர்கள் | 210 | 210 | 20 | 4,200 | 3,570 |

உங்கள் கற்பனை ஆள் இந்த அட்டவணையில் எங்கே இருக்கிறார்? மூன்றாவது வரியில். உடல்நலத்தில் அக்கறை, தரத்துக்குச் செலவு, எல்லாம் பொருந்துகிறது. பில்லும் பெரிது, அதனால் மனதில் நிற்கிறார். ஒருவர் 200 புள்ளி கொடுத்துவிட்டுப் போன நாளை யாரும் மறப்பதில்லை, 60 கொடுத்தவரை நினைவிருக்காது. ஆனால் வார இறுதிக்காரர்கள் தருவது வசூலில் கால் பங்கு. சாமான் விலை போன பிறகு பார்த்தால் மொத்த மிச்சமான 36,270ல் 15 சதவீதம்தான். அவர்களுடைய பில்லில் பெரும்பகுதி உதிரி பாகத்தின் விலை, அது உங்கள் கையைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. உடனடிக்காரர்கள் வசூலில் மூன்றில் ஒரு பங்கு, மிச்சத்தில் 45 சதவீதம். அவர்கள் கொடுப்பதில் அதிகம் கூலி.

சாமான் விலைக் கட்டத்தை நிரப்பச் சொன்னது இதற்காகத்தான். வசூலை மட்டும் பார்த்திருந்தால் தூசு தட்டுபவர்கள் முதலிடம் என்று எழுதியிருப்பீர்கள், கருவி வாங்கும் முடிவும் அந்தப் பக்கமே போயிருக்கும்.

வழிப்போக்கர்கள் ஆள் கணக்கில் 40 சதவீதம், பணத்தில் 6 சதவீதம். அவர்களை இலக்கு என்று எழுத வேண்டாம். அட்டவணையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கூட்டல் வசூலோடு ஒத்துப்போகாது.

கவுன்டரில் கேட்க வேண்டியது

பில் சொல்லாத இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, அவர் உங்களிடம் வருவதற்கு முன் அந்தப் பணத்தை எங்கே செலவு செய்தார். இரண்டு, உங்களிடம் கேட்டுவிட்டு வேலை கொடுக்காமல் போனவர்கள் எத்தனை பேர்.

முதலாவதற்கு, ஆறு வாரம் வருகிறவர்களிடமெல்லாம் மூன்று கேள்வி கேளுங்கள். "கடைசியா எப்போ ஓட்டினீங்க?" "இதுக்கு முன்னாடி எங்க பார்த்தீங்க, எவ்வளவு ஆச்சு?" "எப்போ வேணும்?" மூன்றுமே நடந்துமுடிந்ததையோ இப்போது வேண்டியதையோ பற்றியவை. "வீட்டுக்கே வந்து ரிப்பேர் பண்ணினா கூப்பிடுவீங்களா?" என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே கேட்டால் எல்லோரும் கூப்பிடுவேன் என்றுதான் சொல்வார்கள், அது மரியாதைக்குச் சொல்லும் பதில். இது எனக்கே நடந்தது. வேறொரு தொழிலில், முப்பது பேர் "கண்டிப்பா வாங்குவோம்" என்று சொன்னதை நம்பித் திட்டம் எழுதினேன். கடை திறந்த முதல் மாதம் அவர்களில் வந்தது இரண்டு பேர்.

இரண்டாவது கேள்வியின் விடை சில சமயம் ஆச்சரியப்படுத்தும். "எங்கயும் பார்க்கல, பஸ்ல போய்ட்டிருந்தேன்" என்று தூசு தட்டுபவர் சொன்னால், உங்கள் போட்டி அடுத்த தெரு மெக்கானிக் இல்லை, பஸ். "நானே பார்த்துக்குவேன், இந்த ஒரு வேலைக்குத்தான் கருவி இல்லை" என்று வார இறுதிக்காரர் சொன்னால், அவர் செலவின் பெரும்பகுதி உங்களிடம் எந்நாளும் வராது. இரண்டும் திட்டத்தில் போட்டியாளர் பகுதிக்கு நேராகப் போகிற விஷயங்கள்.

போனவர்களை எண்ணுவது இன்னும் சுலபம். கவுன்டரில் ஒரு நோட்டு. "இன்னைக்கு முடியாது, நாளைக்குத்தான்" என்று சொல்லி அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் ஒரு கோடு. கூட்டம் அதிகமான மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள், சாதாரணமான நாலு வாரத்தை எடுங்கள். பில் புக்கில் இருப்பது உங்களிடம் வந்து தங்கியவர்களின் கதை மட்டும், இந்தக் கோடுகள் இல்லாமல் பாதிதான் தெரியும். நீங்கள் கடன் கேட்பதும் இந்தப் போனவர்களைப் பிடிக்கத்தான்.

வெளியே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்க, பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில் மூன்று வேலை நாள் காலையில் போய் எண்ணலாம். உடனடிக்காரர்களுக்கு அது சரியான இடம், தினமும் ஓட்டுபவரின் சைக்கிள் அங்கேதான் நிற்கும். ஆனால் தூசு தட்டுபவர்களை ஸ்டாண்டில் எண்ண முடியாது. அவர்கள் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிவது பில் புக்கும் அதன் தேதிகளும் மட்டும்தான். "சுற்றுவட்டாரத்தில் இத்தனை ஆயிரம் வீடு, அதில் இத்தனை சதவீதம்" என்று ஒரு எண்ணை உருவாக்கி எழுதாதீர்கள். கடன் அதிகாரிகள் அந்த வகைச் சதவீதத்தை நிறையப் பார்த்தவர்கள்.

அடுத்த வருஷம் என்று வரும்போது

இங்கேதான் கவனமானவர்களும் தடுக்கி விழுகிறார்கள். இந்த வருஷம் ஐந்து தடவை வந்தவர் அடுத்த வருஷமும் ஐந்து தடவை வருவார் என்று எழுதிவிடுவார்கள். வர மாட்டார், சராசரியாகக் குறையும். அவர் ஐந்து தடவை வந்ததில் கொஞ்சம் அவர் பழக்கம், கொஞ்சம் அந்த வருஷத்தின் துரதிர்ஷ்டம்: ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு பள்ளம், கோட்டமான ஒரு வீல். அதிகம் வந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் அந்தத் துரதிர்ஷ்டத்தையும் சேர்த்துப் பொறுக்கி எடுக்கிறோம். வீட்டுச் சாமான் வாங்குவதில் பலர் அபூர்வமாகவும் சிலர் அடிக்கடியும் வாங்கும் பாங்கை ஆண்ட்ரூ ஏரன்பெர்க் 1959ல் கணக்காக எழுதிக் காட்டினார். இந்த ஏற்ற இறக்கமும் அந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

உங்கள் பில்லிலேயே சோதித்துப் பார்க்கலாம். முதல் ஆறு மாதத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்தவர்களை மட்டும் எடுங்கள். 24 பேர், 84 பில் என்று வைப்போம், ஆளுக்கு 3.5. அதே 24 பேர் அடுத்த ஆறு மாதத்தில் எத்தனை பில்? 53 என்று வந்தால் ஆளுக்கு 2.2. இந்தக் குறைவில் பருவத்தின் பங்கும் இருக்கலாம். அதனால் கடையின் மொத்தப் பில்லும் அதே அளவு குறைந்ததா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மொத்தம் குறையாமல் இந்த 24 பேர் மட்டும் இறங்கியிருந்தால், அது நான் சொன்ன சறுக்கல்தான்.

இதனால் மொத்த வருமானம் குறையும் என்று பயப்பட வேண்டாம். இவர்கள் குறைகிற இடத்தில், முன்பு ஒரு தடவை வந்த வேறு சிலர் மூன்று தடவை வருவார்கள், கூட்டத்தின் மொத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இடிப்பது வேறு இடத்தில். "அடிக்கடி வரும் 24 பேருக்கு வருஷச் சந்தா, கட்டிவிட்டால் எத்தனை தடவை வந்தாலும் கூலி இல்லை" என்று ஒரு திட்டம் போட்டால், விலையை எந்த எண்ணை வைத்து முடிவு செய்வீர்கள்? ஏழு தடவை வருவார் என்று கணக்குப் போட்டு விலை வைத்தால், நாலு தடவை மட்டும் வரப்போகிறவருக்கு அது கொள்ளை விலையாகத் தெரியும், சேர மாட்டார். சேருகிறவர் உண்மையிலேயே ஏழு தடவைக்கு மேல் வரப்போகிறவர் மட்டும். உங்கள் சந்தா நஷ்டத்தில் ஓடும்.

கூட்டத்தைத் தடவைகளை வைத்துப் பிரிக்காமல் காரணத்தை வைத்துப் பிரிக்கச் சொன்னதில் இந்த லாபமும் இருக்கிறது. "இன்றைக்கே வேண்டும்" என்பது ஒருவர் வாழ்க்கை முறையிலிருந்து வருவது, ஒரு கண்ணாடித் துண்டால் மாறிவிடாது.

திட்டத்தில் எழுதும் வரி

உடனடிக்காரர்களுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"சைக்கிள் இல்லாவிட்டால் அன்றைய வேலையோ வகுப்போ கெடும் என்பதால் அதே நாளில் திரும்பக் கேட்பவர்கள். கடந்த 12 மாதத்தில் 80 பேர், 400 பில், சராசரி 59.5 புள்ளி, சாமான் போக ஒரு பில்லுக்கு 41 புள்ளி. பெரும்பாலும் வேலை நாளில் காலை 9 மணிக்கு முன் வருகிறார்கள். பேரம் குறைவு, நேரம் தவறினால் திரும்பி வருவதில்லை. நாலு வாரம் எண்ணியதில், அன்றைக்கே முடியாது என்றதால் 13 பேர் வேலை கொடுக்காமல் போனார்கள்."

இதில் வயது இல்லை, ஆணா பெண்ணா என்பது இல்லை, "தரத்தை விரும்புபவர்" என்பதும் இல்லை. அதிகாரி விரும்பினால் உங்கள் பில் புக்கைத் திறந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் சரிபார்க்கலாம். சரிபார்க்க முடியாத வாக்கியம் ஒன்று எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். "பேரம் குறைவு" என்பதைக்கூட ஆறு வாரக் குறிப்பில் பேரம் பேசியவர்களை எண்ணியிருந்தால் மட்டும் வையுங்கள்.

தூசு தட்டுபவர்களுக்கு எழுதும்போது தேதியை முன்னால் வையுங்கள். அவர்கள் எந்தெந்த மாதத்தில் வந்தார்கள் என்று பாருங்கள். பாதிப் பேர் இரண்டே மாதத்தில் வந்திருந்தால், அந்தக் கூட்டத்தின் முக்கியமான குணம் அதுதான். வருஷம் முழுக்க ஒருவரைச் சம்பளத்தில் வைத்து அவர்களைக் கவனிக்க முடியாது. இன்னொன்று, 200 பேரும் ஒரு தடவைதான் வந்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் வரும் 200 பேர் அநேகமாக வேறு ஆட்கள். ஆகவே இதை "நிலையான வாடிக்கையாளர்" என்று எழுதினால் பொய்யாகிவிடும், ஒவ்வொரு வருஷமும் புதிதாகத் தேடிப் பிடிக்க வேண்டியவர்கள்.

சரி, இனி நீங்கள் கேட்ட மெக்கானிக். நாலு வாரத்தில் 13 பேர் போனார்கள் என்றால் வருஷத்துக்கு 169. எல்லோரும் தங்கியிருப்பார்கள் என்று எழுதாதீர்கள், பாதி என்று வைத்து 85 பில். ஒரு பில்லுக்கு 41 புள்ளி மிச்சம் என்றால் ஏறக்குறைய 3,500 புள்ளி. முழுநேர மெக்கானிக்கின் வருஷச் சம்பளம் உங்கள் கணக்கில் 12,000 புள்ளி என்றால், உடனடிக்காரர்கள் அந்தச் சம்பளத்தைத் தாங்க மாட்டார்கள், மூன்றில் ஒரு பங்குகூட வராது. உங்கள் திட்டத்தில் அதிகாரிக்கு உறுத்தியதும் இதுவாகத்தான் இருந்திருக்கும், எண் இல்லாததால் அவரால் சொல்ல முடியவில்லை.

அதே எண்கள் வேறு வழி காட்டுகின்றன. வேலை நாள் காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஒரு பகுதிநேர ஆள், சம்பளம் 3,000 புள்ளிக்குள். தூசு தட்டுபவர்கள் குவியும் இரண்டு மாதத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் கை. கருவியில், உடனடி வேலையைச் சீக்கிரம் முடிக்க உதவுவதை முதலில் வாங்குங்கள், வீல் கோட்டம் எடுக்கும் நல்ல ஸ்டாண்டு ஒன்று அந்த வகை. வார இறுதிக்காரர்களின் விலை உயர்ந்த சைக்கிளுக்கு மட்டும் பயன்படும் சிறப்புக் கருவிகளைத் தள்ளிப்போடலாம். 90 பில்லில் மொத்த மிச்சமே 5,400, அந்தக் கருவியின் விலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்கும் கடன் முன்பு கேட்டதைவிடச் சிறியதாகிவிடும். அதில் தவறில்லை.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. வாடிக்கையாளர் பக்கத்தில் உள்ள ஆட்கள், தடவை, பில் தொகை மூன்றையும் பெருக்கிக் கூட்டினால் வருகிற எண்ணும், வருமான மதிப்பீட்டுப் பக்கத்தில் முதல் வரியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த வருஷத்துக்கு 72,000. அடுத்த வருஷத்துக்கு அதோடு அந்த 85 பில், ஒன்றுக்கு 60 வீதம் சுமார் 5,100 சேர்த்து 77,100. அதற்கு மேல் ஒரு புள்ளி எழுதினாலும் அது எந்தக் கூட்டத்திலிருந்து, எந்தக் காரணத்துக்காக வருகிறது என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அதிகாரி மறுபடியும் அதே மூன்று கேள்வியைத்தான் கேட்பார்.